கல்யாணம், ஆண்டு விழா, ரத்தப் பரிசோதனை: எங்கள் வீட்டுப் பொதுக் காலண்டர்

எங்கள் வீட்டுக்குத் தேதிகள் நாலா பக்கமிருந்தும் வரும். பள்ளி விஷயங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும். அத்தையின் அடுத்த செக்கப் தேதி டாக்டர் சீட்டின் ஓரத்தில் இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் அத்தைக்குத்தான் முதலில் தெரியும்; தினசரி காலண்டரில் அந்தத் தாளின் முனையை மடித்து வைத்திருப்பார். கணவரின் அலுவலகப் பயணம் அவருடைய போனில் மட்டும் இருக்கும். எல்லாம் ஒரே இடத்துக்கு வர வேண்டும் என்றுதான் கூகுள் காலண்டரில் ‘வீடு’ என்று தனியாக ஒன்றை உருவாக்கினோம்.

கம்ப்யூட்டரில் அதை உருவாக்கி, கணவருக்கும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் ‘Make changes to events’ அனுமதியுடன் பகிர்ந்தேன். இதற்கு நேரம் ஆகவில்லை. சரியாகப் பயன்படுத்தப் பழகத்தான் நாளானது. போனில் புதிதாக ஒன்றைக் குறிக்கும்போது, கவனிக்காவிட்டால் அது நம்முடைய சொந்தக் காலண்டரில் போய் உட்காரும். “நான் போட்டுட்டேனே” என்று ஒருவர் சொல்வார், மற்றவர் போனில் ஒன்றும் இருக்காது. சேமிக்கும் முன் காலண்டர் பெயர் ‘வீடு’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், நினைவூட்டல் அவரவருக்குத் தனி. நான் வைக்கும் அலாரம் கணவர் போனில் அடிக்காது. அவர் போனில் அவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் சரியான பிறகும் தேதிகள் மோதின. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் போகிறது என்பது காலண்டரில் இல்லாததுதான் காரணம். 2025 பிப்ரவரியில் திருநெல்வேலியில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் இது எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஞாயிறு, பிப்ரவரி 16 முகூர்த்தம். சனிக்கிழமை மாலை வரவேற்பு. 14-ஆம் தேதி வெள்ளி மாலை ரயிலேறி, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவது என்று முடிவு செய்தோம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன், பயண நாளைச் சேர்க்காமல், காலை 8 மணிக்குத் திறக்கிறது. போவதற்கு டிசம்பர் 16, வருவதற்கு டிசம்பர் 18. பத்திரிகை கைக்கு வந்த அன்றே இந்த இரண்டு காலைகளையும் ‘டிக்கெட்’ என்று குறித்தோம். குறிக்கும்போதே தெரிந்தது, அது அரையாண்டுத் தேர்வு நேரம். எட்டு மணிக்கு நான் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டிருப்பேன். டிக்கெட் எடுப்பது கணவர் பொறுப்பு என்று அவர் பெயரையும் அதில் போட்டோம்.

திரும்பும் ரயிலை முதலில் ஞாயிறு இரவோடு முடித்திருந்தோம். பார்க்க எந்த மோதலும் இல்லை. அதைத் திங்கள் காலை பத்து மணி வரை, அதாவது வீடு வந்து குளித்து முடிக்கும் வரை, நீட்டியதும் கீழே அத்தையின் ரத்தப் பரிசோதனை தெரிந்தது: 17-ஆம் தேதி காலை 7.30, வெறும் வயிறு. இரவெல்லாம் ரயிலில் வந்த வயதானவரை இறங்கியதும் லேபுக்குக் கூட்டிப் போக முடியாது. கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் சர்க்கரை பார்ப்பதும் நன்றாக இல்லை. டாக்டரைக் கேட்டு வியாழனுக்கு மாற்றினோம். லேபுக்கு இப்போது முந்தின இரவு எட்டு மணியிலிருந்தே குறிக்கிறோம். அன்று விருந்து, பயணம் எதற்கும் ஒப்புக்கொள்வதில்லை.

ஜனவரியில் பள்ளி ஆண்டு விழா 14-ஆம் தேதி மாலை என்று குழுவில் வந்தது. மகள் நடனத்தில் இருந்தாள். ஐந்து பேர் டிக்கெட்டில் எங்கள் இருவரை மட்டும் ரத்து செய்தோம். கொஞ்சம் பிடித்தம் போனது, அவ்வளவுதான். அத்தையும் கணவரும் மகனும் ரயிலில் போனார்கள். விழா முடிந்து நானும் மகளும் கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறினோம். சனிக்கிழமை மாலை வரவேற்புக்கு எல்லோரும் இருந்தோம். விழாவுக்கு முந்தின நாள் தெரிந்திருந்தால் இவ்வளவு நிதானமாகப் பிரிந்து போயிருக்க முடியாது.

நள்ளிரவு வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். 15-ஆம் தேதி 12.20-க்குக் கிளம்பும் பஸ்ஸுக்கு 14-ஆம் தேதி இரவே வீட்டை விட்டு இறங்க வேண்டும். அதனால் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அல்ல, வாசலைப் பூட்டும் நேரத்தைத்தான் ஆரம்பமாகப் போடுகிறோம்.

உறுதியாகாத தேதிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவோம். தேதி மாறினால் பழைய பதிவையே நகர்த்துவோம். புதிதாக ஒன்று போட்டால் இரண்டும் நிற்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. அத்தை போன் பார்ப்பதில்லை. ஞாயிறு மாலை மகள் வரும் இரண்டு வாரத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் தாள் மடித்து வைத்த தேதிகளை அவள் உடனே ஏற்றிவிடுவாள்.