கான்டாங்கோ கணக்குல நான் ரெண்டு தடவ மார்க் விட்ட இடம்

ரிஸ்க் மேனேஜ்மென்ட் பரீட்சையான எஃப்ஆர்எம் பார்ட் ஒன்னுக்கு படிச்சப்ப கமாடிட்டி சாப்டர்ல ரெண்டு மாக் டெஸ்ட்லயும் ஒரே இடத்துல அடி வாங்கினேன். தூர மாச டெலிவரிக்கு இன்னைக்கே பேசிக்கிற ஃபியூச்சர்ஸ் விலை, இன்னைக்கு சரக்கு வாங்குற ஸ்பாட் விலைய விட அதிகமா இருந்தா கான்டாங்கோ, கம்மியா இருந்தா பேக்வர்டேஷன், இது எல்லாருக்கும் தெரியும். நான் என்ன நெனச்சேன்னா, கான்டாங்கோன்னா விலை ஏறும்னு மார்க்கெட் சொல்லுதுன்னு. அப்படி இல்லங்க, பெரும்பாலும் அது குடோன் வாடகையும் வட்டியும்தான்.

கணக்கா பாப்போம். க்ரூட் ஆயில் ஸ்பாட் பேரலுக்கு 60 டாலர், வட்டி வருஷத்துக்கு 6 சதவீதம், டேங்க் வாடகை பேரலுக்கு மாசம் 50 சென்ட். இன்னைக்கு வாங்கி ஆறு மாசம் வச்சிருந்தா வட்டி 1.80, வாடகை 3, ஆக அடக்கம் 64.80. ஆறு மாச ஃபியூச்சர்ஸ் 67க்கு ஓடுச்சுன்னா ஸ்பாட்ல வாங்கி டேங்க்ல போட்டுட்டு ஃபியூச்சர்ஸ வித்துடுவாங்க, பேரலுக்கு 2.20 கையில நிக்கும், எல்லாரும் இதையே செய்ய கேப் சுருங்கிடும். அதனால கான்டாங்கோவுக்கு ஒரு மேல் வரம்பு இருக்கு, அத ஃபுல் கேரின்னு சொல்றாங்க.

இப்போ நான் கோட்டை விட்டது. அதே கணக்குல ஃபியூச்சர்ஸ் 62ன்னு குடுத்திருந்தாங்க, நான் உடனே ஸ்பாட்ட வித்து ஃபியூச்சர்ஸ வாங்கினா 2.80 லாபம்னு டிக் பண்ணிட்டேன். தப்பு. விக்க என்கிட்ட எண்ணெய் வேணும்ல, ஸ்டாக் வச்சிருக்குற ரிஃபைனரி ஏன் குடுக்கும், எண்ணெய் இல்லாம பிளான்ட் நின்னா அவனுக்கு நஷ்டம் அதவிட பெருசு. அந்த 2.80தான் கன்வீனியன்ஸ் ஈல்டு, சரக்கு கையில இருக்குறதோட மதிப்பு. சரக்கு தட்டுப்பாடு வந்தா இது வாடகையையும் வட்டியையும் தாண்டி வளரும், அப்பதான் மாச வாரியா விலைய காட்டுற கர்வ் பேக்வர்டேஷனுக்கு சாயும், அதுக்கு ஃபுல் கேரி மாதிரி வரம்பே கிடையாது, ஏன்னா அடுத்த வருஷத்து எண்ணெய இன்னைக்கு கொண்டு வர முடியாது. (62ங்கறது 60ஐ விட அதிகம், அதனால இது இன்னும் கான்டாங்கோதான், இதுலயும் ஒரு ட்ராப் வைப்பாங்க.)

அப்போ ஃபுல் கேரி எப்பவுமே தாங்குமான்னா, டேங்க்ல எடம் இருக்குற வரைக்கும்தான். 2020 ஏப்ரல் 20 அன்னைக்கு அமெரிக்க க்ரூடான டபிள்யூடிஐயோட மே மாச ஃபியூச்சர்ஸ் கான்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது, ஜூன் கான்ட்ராக்ட் அதே நாள் 20 டாலர் கிட்ட நின்னுச்சு. மே வாங்கி ஜூன் வித்தா பேரலுக்கு அம்பது டாலருக்கு மேல, பாத்தா சும்மா கெடைக்குற காசு மாதிரி இருக்கும். ஆனா டெலிவரி ஓக்லஹோமாவுல குஷிங்ல எடுக்கணும், அங்க காலியா தெரிஞ்ச டேங்க்கும் ஏற்கனவே யாரோ வாடகைக்கு புடிச்சது, கான்ட்ராக்ட் மறுநாளே எக்ஸ்பைரி. கொட்ட எடம் இல்லாதவன் காசு குடுத்தாவது பொசிஷன தள்ளி விட்டான். மாச வாடகை 50 சென்ட்னு நாம போடுற கணக்கு எடம் கெடைக்கும்ங்கற நம்பிக்கையில போடுறது, அன்னைக்கு அந்த வாடகையோட நெஜ விலை அந்த அம்பது டாலர் கேப்தான்.