காலில் தொடங்கும் கணினிப் பாடம்

தாதிய மாணவர்களுக்குத் தகவலியலையும் டெலிஹெல்த்தையும் அறிமுகம் செய்யும்போது நான் முதலில் கணினியைத் திறப்பதில்லை. நீரிழிவுக்காரர் ஒருவரின் காலைத்தான் எடுத்துக்கொள்கிறேன். வன்னியில் அது எல்லாருக்கும் தெரிந்த கால். உணர்ச்சி மரத்திருக்கும், வெறுங்காலோடு வயலில் இறங்குவார், முள் ஏறியது தெரியாது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருந்து வவுனியா கிளினிக்குக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். கூலி போகுமென்று வராமல் விடுகிறவர்களும் உண்டு. இடையிடையே புண்ணை வீட்டிலிருந்தே காட்ட முடிந்தால், வரவேண்டிய நாளில் மட்டும் வந்தால் போதும்.

பாடத்துக்காக நானே அமைத்த நோயாளி அவர். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே புண். ஒரு மாணவி மகளாக போனைப் பிடிப்பாள், இன்னொருத்தி அடுத்த அறையில் கிளினிக் தாதியாக இருப்பாள்.

முதல் படம் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாது. மஞ்சள் பல்பு வெளிச்சம், பிளாஷ் பட்டு மினுங்கும் ஈரம், புண் எவ்வளவு பெரிதென்று சொல்ல எதுவுமில்லை. ஆகவே, கட்டை அவிழ்த்து, சேலைனால் கழுவி, ஒற்றி எடுத்த பிறகு விறாந்தைப் பக்கம் பகல் வெளிச்சத்துக்கு வரச் சொல்ல வேண்டும். பிளாஷ் வேண்டாம். கடதாசி அளவுகோலைப் புண்ணில் முட்டாமல் பக்கத்தில் வைக்க வேண்டும். போனைச் சரித்துப் பிடித்தால் புண் சின்னதாகத் தெரியும். நேரே பிடித்து ஒரு படம், முழுப் பாதமும் தெரிய இன்னொன்று.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மணமோ சூடோ நாடித் துடிப்போ அதில் இல்லை. எங்கள் தோல் நிறத்தில் சிவப்பும் சிவப்பாகத் தெரியாது, கொஞ்சம் கறுத்தது போலத்தான் இருக்கும். அதனால் மகளைப் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் சூடென்று சொல்லச் சொல்கிறோம். நிறமாற்றம் புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் தாண்டினால், காய்ச்சல் இருந்தால், தோல் கறுத்துச் செத்திருந்தால், எலும்பு தெரிந்தால் வீடியோவோடு நிற்கக்கூடாது. இன்றைக்கே வரவேண்டும். "நாளைக்குப் பார்ப்பம்" என்ற மாணவிக்கு அந்தப் பயிற்சியை மறுபடி செய்யக் கொடுப்பேன்.

அப்புறம் பதிவு. "புண் பரவாயில்லை" என்று எழுதிவிட்டு எழும்பப் பார்ப்பார்கள். அடுத்த கிழமை வேறொரு தாதி அதை எதனோடு ஒப்பிடுவாள்? நீளம் 3, அகலம் 2 சென்ரிமீற்றர் என்று எழுதினால் இரண்டின் பெருக்கம் 6. நான்கு கிழமையில் 2க்கு 1.5 ஆனால் பெருக்கம் 3, அதாவது பாதி. ஆறும் வழியில் இருக்கிறது. 2.7க்கு 2 ஆனால் 5.4, பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. படம் துப்புரவாகத் தெரிந்தாலும் இரத்தோட்டத்தையும் செருப்பையும் கிருமித் தொற்றையும் திரும்பப் பார்க்க வேண்டிய புண் அது. இதைக் காட்டித் தருவது கட்டங்களில் ஒரே முறையில் எழுதப்பட்ட எண்தான். மாணவர்கள் எதிர்பார்ப்பது புது மென்பொருளை; எனக்கு முதலில் வேண்டியது இந்தப் பழக்கம்.

அலகிலும் ஒரு பொறி இருக்கிறது. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய சீனி பார்க்கும் மெஷின் சில வீடுகளில் உண்டு. அது 12.4 என்று காட்டும், மில்லிமோல் கணக்கில். நாங்கள் எழுதுவது மில்லிகிராம் கணக்கில். 18 ஆல் பெருக்கினால் 223 வரும். பெருக்காமல் 12.4 என்றே பதிந்தால், பார்க்கிறவருக்கு நோயாளி சீனி குறைந்து உயிருக்குப் போராடுகிறார் என்று அர்த்தம். இலக்கத்தோடு மெஷினின் திரையையும் காட்டச் சொல்லுங்கள் என்பேன்.

அந்தரங்க விடயத்தில்தான் அதிகம் வாதாடுவார்கள். "வாட்ஸ்அப்பில பூட்டு இருக்குத்தானே மிஸ்" என்பார்கள். சரி, வழியில் பூட்டு இருக்கிறது. ஆனால் வந்த படம் தானாகவே கலரியில் போய் உட்காரும், அங்கிருந்து கூகுள் கணக்குக்கு ஏறவும் கூடும். மறுபக்கத்தில் போன் பேரனுடையது, வீடியோ ஓடும்போது அயலவர் எட்டிப் பார்ப்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. ஆகவே சொந்தப் போனில் படம் இல்லை. பிரிவின் போனில் வாங்கி, பதிவில் சேர்த்து, போனிலிருந்து அழிக்க வேண்டும். கால் மட்டும், முகம் வேண்டாம். தொடங்குமுன் "பக்கத்தில ஆர் இருக்கினம்?" என்று கேட்க வேண்டும்.

நோயாளியாக நடிப்பவரிடம் ஒரு கேள்வியை வேண்டுமென்றே சொல்லிவைப்பேன்: "பிள்ளை, இந்தப் படம் எங்க போகும்?" 2009இல் முகாம்களில் திரும்பத் திரும்பப் பதிவு செய்யப்பட்ட சனம் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யார் பார்ப்பார்கள், எங்கே வைப்போம், எப்போது அழிப்போம் என்று மூன்றையும் மாணவி நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் படம் எடுப்பதில்லை. கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலையில் கட்டு மாற்ற ஒழுங்கு செய்து, கிளினிக் திகதியை முன்னுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.