ஒளிப்படத்தில் ஒரு ரவுட்டர்: விளக்குகளைப் படித்த ஒன்பது நாட்கள்

ஜூன் 12, வியாழன்

கோவில்பட்டியிலிருந்து சித்தி இரவு ஒன்பது மணிக்கு மொபைல் டேட்டாவில் ஒரு படம் அனுப்பினார். "தம்பி, சாயங்காலத்துல இருந்து நெட் இல்ல, வைஃபை மட்டும் போன்ல காட்டுது, என்னன்னு பாரு" என்று கீழே எழுதியிருந்தார். ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்ததால் ரவுட்டரின் முகப்பு முழுவதும் வெளுத்துப்போய், எரிகிற விளக்கு எது, அணைந்தது எது என்றே பிரிக்க முடியவில்லை. ஃபிளாஷை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, ஒவ்வொரு விளக்கின் அடியிலும் அச்சிட்டிருக்கும் பெயர் தெரியும்படி ஒரு முழம் தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் வைஃபை கடவுச்சொல்லும் சீரியல் எண்ணும் இருக்கும் என்பதால் அது படத்தில் விழ வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

இரண்டாவது படம் தெளிவாக வந்தது. POWER எரிகிறது, WLAN எரிகிறது. PON, LOS, INTERNET மூன்றும் இருட்டு. WLAN எரிவதற்கும் இணையம் வருவதற்கும் சம்பந்தமில்லை. ரவுட்டர் தன் ரேடியோவை இயக்கிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். போனில் வைஃபை சின்னம் தெரிவதும் அதனால்தான்.

என்னை யோசிக்க வைத்தது PON, LOS இரண்டும் ஒரே நேரத்தில் இருட்டாக இருப்பது. LOS என்பது ஃபைபரில் ஒளி வரவில்லை என்று சிவப்பில் எச்சரிக்கும் விளக்கு; அது அணைந்திருந்தால் ஒளி வருகிறது என்று கொள்ளலாம். ஒளி வந்தால், தெருவுக்கு அப்பால் நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கும் கருவியுடன் இந்த ரவுட்டர் தன்னைப் பதிவு செய்துகொள்ள முயலும். முயலும்போது PON மினுக்கும், பதிவு முடிந்தால் நிலையாக எரியும். இரண்டுமே தொடர்ந்து அணைந்திருப்பது, சில மாடல்களில், நிலையமே இந்த ரவுட்டரைத் தடுத்துவைத்திருக்கும்போது நேரலாம். இல்லையென்றால் மினுக்கலின் இருண்ட பாதியில் கேமரா சொடுக்கியிருக்க வேண்டும். ஒற்றைப் படத்தை வைத்து இவற்றில் எது என்று சொல்ல முடியாது. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும் விளக்கை அடுத்தடுத்து மூன்று படம் எடுத்தாலும் மூன்றிலும் இருட்டாகவே விழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே, போனை ஒரு டம்ளரில் சாய்த்து, ஆடாமல் இருபது நொடி வீடியோ எடுக்கச் சொல்லி முடித்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

வீடியோ வந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். PON விடாமல் மினுக்குகிறது. ஒருமுறைகூட நிலையாக நிற்கவில்லை. எனவே நிலையம் தடுக்கவில்லை, பதிவுதான் முடியவில்லை.

பதினோராவது நொடியில் இன்னொன்று தெரிந்தது. LOS இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, ஒரு நொடிக்குள் மறைந்தது. இருட்டில் எடுக்கும்போது போன் கேமரா அதிக வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதால், எந்த நிற விளக்கின் நடுப்பகுதியும் வெளிறி வெள்ளையாகத்தான் விழும். உண்மையான நிறத்தை அதைச் சுற்றியிருக்கும் மங்கலான வளையத்திலோ, விளக்கு பட்டுத் தெறிக்கும் இடத்திலோதான் தேட வேண்டும். அந்த நொடியில் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கியபோது, ரவுட்டரின் பளபளப்பான விளிம்பில் ஒரு செந்நிறக் கீற்று விழுந்திருந்தது. சந்தேகமில்லை, அது LOS-இன் சிவப்புதான்.

ஃபைபர் அறுந்திருந்தால் LOS விடாமல் சிவப்பைக் காட்டியிருக்கும். இங்கே வந்து மறைகிறது. ஒளி வருகிறது, ஆனால் ரவுட்டர் தாங்கும் விளிம்பில் தள்ளாடுகிறது. அதனால்தான் பதிவு தொடங்கித் தொடங்கி அறுபடுகிறது. பழுது பெரும்பாலும் கண்ணாடி இழையின் வழியில் எங்கோ இருக்கிறது. இந்த நிலையில் வைஃபை பெயரை மாற்றுவதோ, ரவுட்டரை ரீசெட் செய்வதோ உதவாது. ரீசெட் செய்தால் நிறுவனம் எழுதிவைத்த அமைப்புகளும் அழிந்து வேலை இரட்டிப்பாகும்.

ஜூன் 14, சனி

இணையம் இல்லாவிட்டாலும் ரவுட்டரின் பக்கம் திறக்கும். சித்தி வைஃபையில் இணைந்து, போன் உலாவியில் `192.168.1.1` என்று தட்டி, நிறுவனத்தின் ஆள் எழுதிக்கொடுத்த பயனர் பெயரைப் போட்டு உள்ளே போனார். ஒளி நிலையைக் காட்டும் பக்கத்தின் திரைப்பிடிப்பில் `Rx Power: -28.4 dBm` என்றிருந்தது. ரவுட்டருக்கு வந்துசேரும் ஒளியின் வலிமை அது. வீடுகளில் பரவலாக இருக்கும் இவ்வகை ஃபைபர் இணைப்புகளில், ரவுட்டர் -27 வரை வேலை செய்தாக வேண்டும் என்பதே தரம். எதிர்க்குறி என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைகிறது. -28.4 அந்த எல்லைக்கு வெளியே. விளக்குகள் மினுக்கியதற்கும் இந்த எண்ணுக்கும் அச்சாகப் பொருந்தியது.

ரவுட்டருக்குப் பின்புறத்தைப் படமெடுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தித் திரும்ப வைத்தார்களாம். மெல்லிய மஞ்சள் கேபிள் அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி, கிட்டத்தட்ட விரல் நகம் அளவுக்கு மடங்கியிருந்தது. கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். அதிலும் வீட்டுக்கு வரும் 1490 நானோமீட்டர் அலைநீளம், வீட்டிலிருந்து போகும் 1310 நானோமீட்டரைவிட அதிகமாகக் கசியும். ஆகையால் வளைவினால் முதலில் அடிபடுவது வீட்டுக்கு வரும் ஒளிதான்.

"பிடுங்கிப் பாக்கட்டுமா தம்பி?" என்றார். வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். முனையில் ஒரு துகள் தூசி பட்டால்கூடப் பிரச்சினை கூடும். தவிர, கண்ணுக்குத் தெரியாத அந்த லேசர் ஒளியை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. செருகியதைத் தொடாமல் அலமாரியை மட்டும் நகர்த்தி, கேபிளை உள்ளங்கை அளவு வட்டமாகத் தளர்த்தி விட்டார். பக்கத்தைப் புதுப்பித்தபோது -21.2. ஏழு டெசிபலுக்கு மேல் மீண்டிருக்கிறது, அதாவது முன்பைவிட ஐந்து மடங்கு ஒளி. புதிய வீடியோவில் PON அசையாமல் பச்சையாக நின்றது, LOS எட்டிப்பார்க்கவே இல்லை.

ஆனால் INTERNET இன்னும் இருட்டு. இது வேறு படி. ஒளியும் பதிவும் சரியான பிறகு, பயனர் கணக்கைக் கொண்டு உள்நுழைவு நடக்க வேண்டும். திடீரென்று அறுந்த பழைய உள்நுழைவை நிறுவனத்தின் பக்கம் சிறிது நேரம் உயிரோடு வைத்திருக்கலாம்; ஒரு கணக்குக்கு ஒரே உள்நுழைவு என்று இருந்தால் புதியது மறுக்கப்படும். சந்தா முடிந்திருந்தாலும் இதே தோற்றம்தான், ஆனால் சித்தி மாதத் தொடக்கத்திலேயே கட்டியிருந்தார். பத்து நிமிடம் அணைத்துவைத்து மீண்டும் போடச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் INTERNET எரிந்தது.

ஜூன் 20, வெள்ளி

பக்கத்து வீட்டு அம்மாவின் ரவுட்டர் படத்தையும் சித்தி அனுப்பியிருக்கிறார். எல்லா விளக்கும் முறையாக எரிகின்றன, ஆனால் வேகம் இல்லையாம். இதற்கு விளக்குகளிடம் பதில் இல்லை. WLAN வேகமாகத் துடிப்பது தரவு ஓடுகிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு ஓடுகிறது, எத்தனை சுவர் தாண்டி ஓடுகிறது என்பதைச் சொல்லாது. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறையும் படுக்கையறையில் ஒருமுறையும் வேகத்தை அளந்து இரண்டு எண்களையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சித்தியின் ரவுட்டர் நலமாக இருக்கும் நிலையிலும் ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன். மாடலுக்கு மாடல் விளக்கின் நிறமும் பழக்கமும் மாறுவதால், பழுதான நாளின் வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது வேண்டும். இன்றைய அளவு -21.3. அதையும் வீடியோவின் கீழே எழுதிவைத்தேன்.