உப்புவெளியில் நீலம், கிண்ணியாப் பாலத்தில் சிவப்பு

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு திருகோணமலைக்குப் போகிறீர்களா? வானத்தின் நிறத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல நாட்கள் அமையாது. ஏப்ரல் 12-ஐ ஒட்டிய சில நாட்களில் இங்கே பகல் 12.05 அளவில் சூரியன் சரியாக உச்சிக்கு வந்துவிடும். உப்புவெளி மணலில் ஒரு தடியை நேராக நட்டுவிட்டால் அதன் நிழல் தடியின் அடியிலேயே ஒடுங்கிப்போவதைப் பார்க்கலாம். தொப்பி போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும்தான்.

கடற்கரையில் நிற்கும் பிள்ளையிடம் வானம் ஏன் நீலம் என்று கேட்டால், "கடல் நீலம், அதுதான் மேலே தெரியுது" என்று சொல்லும். கடலே இல்லாத அநுராதபுரத்திலும் கந்தளாயிலும் வானம் இதே நீலம்தான் என்பதை நினைவுபடுத்துங்கள். பெரியவர்கள் பலர் இதைத் தலைகீழாக, வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்பார்கள். வானத்தின் நிறத்துக்குக் கணக்குச் சொன்ன ரேலி பிரபுவே அப்படித்தான் நினைத்தார். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது, நீரில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியை ஒரு படிகத்தால் மறைத்துவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. கடலுக்குத் தன் நிறம் தன்னிடமே இருக்கிறது, வானத்துக்கும் அப்படியே.

வானத்தின் நீலம் காற்றிலிருந்து வருகிறது. சூரிய ஒளி வெள்ளையாகத் தெரிந்தாலும் அதற்குள் எல்லா நிறமும் உண்டு. ஒவ்வொரு நிறமும் ஒரு அலை. நீல அலை குட்டை, சிவப்பு அலை நெட்டை. காற்றில் இருக்கும் நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகள் இந்த அலைகளைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியவை. அவ்வளவு சிறிய மூலக்கூறு மீது அலை படும்போது மூலக்கூறு தான் வாங்கிய ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுப்புறமெங்கும் வீசிவிடுகிறது. இதைத்தான் சிதறல் என்கிறோம். அலை பாதி நீளமானால் சிதறல் 16 மடங்காகும் என்று ரேலி 1871-இல் காட்டினார். அந்தக் கணக்கில் நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் கூடவே சிதறும். சூரியனைப் பார்க்காமல் வேறு எந்தப் பக்கம் பார்த்தாலும், அங்கிருந்து கண்ணுக்கு வருவது இந்தச் சிதறிய ஒளி. அதனால்தான் நீலம். ஊதா இன்னும் குட்டை அலையாயிற்றே, வானம் ஏன் ஊதாவாக இல்லை என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதா அவ்வளவாக எடுபடாது.

இப்போது தலைக்கு மேலே பார்த்துவிட்டு, பார்வையை மெல்லக் கீழே இறக்கிக் கடல் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஆழ்ந்த நீலம், கீழே வரவர வெளிறி, விளிம்பில் ஏறக்குறைய வெள்ளை. அந்தப் பக்கம் நாம் பார்க்கும் காற்றின் நீளம் மிக அதிகம். சிதறிய நீலம் நம்மிடம் வருமுன் மறுபடி மறுபடி சிதறிக் குறைகிறது. போதாததற்குக் கடலலையிலிருந்து எழும் உப்புத் துகள்களும் எல்லா நிறத்தையும் ஒரே அளவாகச் சிதறடிக்கின்றன. எல்லாம் கலந்தால் வெள்ளைதான்.

மாலைக்கு உப்புவெளி சரிவராது. நிலாவெளி, உப்புவெளி, கோணேசர் கோயில் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்தவை, அங்கே சூரிய உதயம்தான் விசேடம். மறையும் சூரியனுக்கு உட்துறைமுகக் கரை நல்லது, கிண்ணியாப் பாலம் அதைவிட நல்லது. பாலத்தின் மேற்கே தம்பலகாமக் குடா, கிழக்கே கொட்டியாரக் குடா. ஆறு மணிக்கே போய் நடைபாதையில் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். ஏப்ரலில் சூரியன் 6.15 அளவில் மறையும்.

காலையிலிருந்து சூரியனின் ஒளி மாறவில்லை, அது கடந்துவரும் காற்றுத்தான் மாறியது. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் தரைமட்டத்துக் காற்றின் அடர்த்திக்கு அமுக்கினால் சுமார் 8 கிலோமீற்றர் தடிப்புத்தான் வரும். உச்சிச் சூரியனின் ஒளி அவ்வளவைத்தான் கடந்தது. விளிம்பில் நிற்கும் சூரியனின் ஒளி சரிந்து வருவதால், அதைப்போல 38 மடங்கு காற்றைக் கடக்கிறது. அதாவது 300 கிலோமீற்றர், திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு உள்ள பாதையையும்விட நீளம்.

தூசியில்லாத காற்றில், உச்சி வெயிலின் நீல ஒளியில் 100-க்கு 80 பங்கு நேராகத் தரைக்கு வரும், சிவப்பில் 95 பங்கு. அவ்வளவு சிறிய வித்தியாசம் என்பதால் பகல் சூரியன் வெள்ளையாகவே இருக்கிறது. மாலையில் சிவப்பு 100-க்கு 15 பங்கு வந்து சேரும். நீலமோ 10,000-க்கு 2 பங்குதான். மீதி நீலம் வழியிலுள்ள ஊர்களின் வானத்துக்குப் போய்விட்டது. நாம் பாலத்தில் சிவப்பைப் பார்க்கும் நேரம், மேற்கே வெகுதூரத்தில் கடலில் இருப்பவர்களுக்கு அந்த நீலம் இன்னும் பகல் வானமாக இருக்கிறது.

தூசி கூடினால் சிவப்பு கூடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். கச்சான் காற்று தரைப்புழுதியைக் கிளப்பும் மாதங்களில் சூரியன் மங்கிய செம்பந்தாக இருக்கும், சுற்றியுள்ள வானம் சாம்பலாகிவிடும். மழை பெய்து கழுவிவிட்ட மாலையில்தான் முகில்களின் அடிப்பக்கம் பளிச்சென்று சிவக்கும்.

இரவு தங்குமிடத்தில் இதைக் கையிலேயே செய்து பார்க்கலாம். சமமான சுவருள்ள, 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமான தெளிந்த கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பெட்டியில் 2 லீற்றர் தண்ணீர் எடுங்கள். சோடாப் போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் ஒளி சிதைந்துவிடும். கொழுப்பு நீக்கிய பால்மா கால் தேக்கரண்டியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். அறையை இருட்டாக்கி, பெட்டியின் பின்னால் கறுப்புத் துணி விரித்து, ஒரு முனையில் வெள்ளை ஒளி தரும் எல்இடி டோர்ச்சைப் பிடியுங்கள். போன் வெளிச்சமானால் பென்சில் தடிப்பில் துளையிட்ட மட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். மறுமுனையில் வெள்ளைத் தாள்.

பால்கரைசலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கலக்குங்கள். சில கரண்டிகளில், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது டோர்ச்சுக்குக் கிட்ட மெல்லிய நீலப்புகை தெரியும். தாளில் விழும் வட்டம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

நீலம் வரவில்லை என்றால் பெரும்பாலும் பால்மாவில்தான் பிழை. முழு ஆடைப் பால்மாவின் கொழுப்புத் துளிகள் ஒளி அலையைவிடப் பெரியவை, அவை எல்லா நிறத்தையும் ஒன்றாகவே சிதறடிக்கும். நீலத்தைத் தருவது பாலிலுள்ள நுண்ணிய புரதத் துகள்கள். தேங்காய்ப்பாலிலும் அதே கொழுப்புச் சிக்கல்தான். பழைய மஞ்சள் குமிழ் டோர்ச்சும் உதவாது, அதன் ஒளியில் நீலமே குறைவு.

செம்மஞ்சள் வந்த பிறகும் பிள்ளைகள் இன்னும் விடச்சொல்லிக் கேட்பார்கள். விடட்டும். இன்னும் சில கரண்டி போனதும் தாளிலுள்ள வட்டம் மறைந்து, பெட்டி முழுக்க வெள்ளையாகிவிடும். பகலில் உப்புவெளியில் கடல் விளிம்பில் பார்த்த அந்த வெள்ளை இதுதான்.