காசு எங்கே போனது

செப்டம்பர் 25, வியாழன்
எல்லோருக்கும் சம்பள எஸ்எம்எஸ் வந்துவிட்டது. எனக்கு இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி
கொழும்புக்கு எடுத்தேன். "போட்டாச்சு தம்பி" என்றார் சம்பளப் பிரிவு அக்கா. பழைய கணக்கை இந்த மாதத் தொடக்கத்தில் மூடிவிட்டேன், அதற்குத்தான் அனுப்பியிருப்பார்கள். மீண்டும் போடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். 30ஆம் திகதி அம்மாவின் காப்புக்கு வட்டி கட்டவேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு
நல்லூருக்குப் போனேன். அங்கேயும் காப்பு நினைவுதான்.

செப்டம்பர் 29, திங்கள்
காசு திரும்பி வரவில்லையாம். வராமல் மறுபடி போடமாட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது. மூடிய கணக்கு எப்படிக் காசை வைத்திருக்கும்?

மத்தியானம் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த ஐயா பொறுமையாகச் சொன்னார். மூடிய கணக்குக்குக் காசு போனால், வங்கிகளுக்கிடையே காசு அனுப்பும் ஸ்லிப்ஸில் அது நிராகரிக்கப்பட்டு, அனுப்பிய கம்பனியின் கணக்குக்கே திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது. "பெயரைப் பார்த்துப் போடுறதில்லை தம்பி, இலக்கத்தைப் பார்த்துத்தான்" என்றார்.

வாசலில் நின்றே அக்காவுக்கு எடுத்து, அனுப்பிய இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். புதிய கணக்கின் பாஸ்புக்கில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முன் என்னுடையது 47. அவர் 74 என்றார். இன்னொருமுறை கேட்டேன். 74.

செப்டம்பர் 30, செவ்வாய்
சின்ன மாமாவிடம் வாங்கி வட்டி கட்டினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்
தவறான கணக்கில் விழுந்த காசை வங்கி தானாக எடுத்துத் தராதாம். அவர்களின் வங்கி எங்கள் வங்கிக்கு எழுதவேண்டும், கணக்குக்காரர் சம்மதிக்கவேண்டும். அவர் செலவழித்திருந்தால்? யாரென்றே தெரியாத அந்த ஆளை நினைத்தே படுத்திருந்தேன். அவருக்கும் எஸ்எம்எஸ் வந்திருக்கும்.

ஆனால் அவரைத் தேடுவது கம்பனியின் வேலை. அதைத்தான் இன்று எழுதினேன். செப்டம்பர் 3இல் நான் கொடுத்த படிவம், பாஸ்புக் முதல் பக்கம், அவர்கள் அனுப்பிய பட்டியலில் என் பெயர் இருந்த வரி, மூன்றையும் இணைத்தேன். படிவத்தில் 47 தெளிவாக இருக்கிறது. "இலக்கம் உங்கள் பதிவில் மாறியுள்ளது. அந்தக் காசு திரும்பும்வரை காத்திராமல் என் சம்பளத்தை இப்போதே போடவும்" என்று முடித்தேன். அப்புறம் இன்னொரு வரி சேர்த்தேன்: சேமலாப நிதிக்கான 8 வீதம், 75,000இல் 6,000, ஏற்கெனவே கழித்தாயிற்று, மறுபடி கழிக்கவேண்டாம்.

அக்டோபர் 2, வியாழன்
பதில் இல்லை. மருமகனுக்கு ஏடு தொடக்கினார்கள். அரிசியில் அவன் விரல் நடுங்கியது. எழுத்து மாறிவிடக்கூடாதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி
அக்காவே எடுத்தார். கணக்காளர் சரி சொல்லிவிட்டாராம், இன்றே, உடனே போய்ச்சேரும் செப்ட்ஸில் போடுவார்களாம். "இலக்கத்தைச் சொல்லுங்கோ தம்பி, நான் எழுதுறன்" என்றார். மெதுவாகச் சொன்னேன். கடைசிக்கு முன் வந்ததும் நிறுத்தினேன்.

நாலு. ஏழு.

மாலை 4:10. இன்னும் எஸ்எம்எஸ்