பத்து மணிக்கு முடிய வேண்டிய ஆட்டம்

கல்யாண வரவேற்புகளில் டி.ஜே.வாக வேலை செய்கிறேன். புக் பண்ண வரும் வீட்டார் எல்லாரும் முதலில் கேட்பது, "என்னென்ன பாட்டு வச்சிருக்கீங்க?" என்றுதான். பாட்டு இன்றைக்கு எல்லார் போனிலும் இருக்கிறது. எதற்குப் பிறகு எதைப் போடுவது என்பதில்தான் என் சம்பளம் இருக்கிறது. அதிலும் கூட்டத்தை ஏற்றிவிடுவது சுலபம். ஏறிய கூட்டத்தை ஆடும் இடத்தை விட்டுப் போகவிடாமல் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றுவதுதான் கஷ்டம்.

இறக்க ஏன் வேண்டும்? குத்துப் பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் பத்து, பன்னிரண்டு நிமிஷத்தில் உடம்பு களைத்துவிடும். பட்டுப் புடவையும் கோட்டும் போட்டுக்கொண்டு ஆடுகிறவர்கள் அவர்கள். களைத்தவர் தண்ணீர் குடிக்கப் போவார். தண்ணீர் மேஜைக்குப் பக்கத்தில்தான் பந்தி இருக்கும், போனவர் இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவரோடு நாலு பேர் போவார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய ஹிட் பாட்டைப் போட்டாலும் ஆட ஆள் இருக்காது. களைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நாமே இறக்கிக் கொடுத்தால், அவர்கள் நின்ற இடத்திலேயே, பாட்டுக்குத் தோளை ஆட்டிக்கொண்டே இளைப்பாறிவிடுவார்கள்.

அந்த நேரம் வந்துவிட்டது என்பது கைகளில் தெரியும். நன்றாகப் போகும்போது கைகள் தலைக்கு மேலே இருக்கும். அப்புறம் மெல்ல மார்பு உயரத்துக்கு இறங்கும். ஆடுகிறவர்களின் வட்டம் அகலமாகி நடுவில் வெற்றிடம் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் என் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். இதில் இரண்டு தெரிந்தாலே அடுத்த பாட்டை மாற்றிவிடுவேன்.

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு புல்வெளியில் நடந்த வரவேற்பை எடுத்துக்கொள்கிறேன். திறந்த வெளி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது. மூடிய அரங்குகளுக்கும் விருந்துக் கூடங்களுக்கும்தான் விலக்கு. ஆகவே முடியும் நேரம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. மேடையில் போட்டோ வரிசை குறையும்போது மணி 8.45. கையில் இருப்பது ஒன்றே கால் மணி நேரம். அதை 10 மணியிலிருந்து பின்னோக்கித்தான் பிரித்தேன். கடைசி ஐந்து நிமிஷம் வழியனுப்பும் பாட்டுக்கு. மீதி எழுபது நிமிஷத்தில் மூன்று ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். பாட்டை முழுசாக ஓட விடுவதில்லை. பல்லவி, ஒரு சரணம், திரும்பப் பல்லவி என்று இரண்டு, இரண்டரை நிமிஷத்தில் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

முதல் ஏற்றத்தில் என் பெரிய பாட்டுகள் எதையும் தொடவில்லை. அந்த நேரத்தில் ஆட வருகிறவர்கள் குழந்தைகளும் அத்தைகளும்தான். காலேஜ் நண்பர்கள் ஓரத்தில் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தைகளுக்குத் தெரிந்த தொண்ணூறுகளின் பாட்டு, நடக்கிற வேகத்தைவிடச் சற்றே கூடுதலான தாளம். இதற்கே இருபது நிமிஷம் கொடுத்தேன். மாப்பிள்ளையின் நண்பர்களில் ஒருவர் வந்து, "ப்ரோ, கொஞ்சம் மாஸா போடுங்க" என்றார். "ஒன்பது மணி தாண்டட்டும் ப்ரோ, உங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். கேட்ட பாட்டை மறுப்பதே இல்லை, அது எந்த ஏற்றத்தில் உட்காரும் என்று பார்த்து வரிசையில் வைத்துக்கொள்வேன். இருபது பேர் ஆடும்போது போட்டால் வீணாகிற பாட்டு, நூறு பேர் இருக்கும்போது தூக்கி நிறுத்தும்.

இங்கே ஒலியின் அளவைப் பற்றி ஒன்று. பழைய பாட்டுகளின் பதிவு இன்றைய பாட்டுகளைவிட மெலிதாக இருக்கும். புதுப் பாட்டுக்குப் பின்னால் 1994இல் வந்த ஒரு பாட்டை அப்படியே விட்டால், பாட்டு எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் கூட்டத்துக்குச் சப்பென்று கேட்கும். "பழைய பாட்டு எடுபடலை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஹெட்போனில் கேட்கும்போதே கெயின் குமிழைக் கொஞ்சம் திருகி, மீட்டரில் இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. மொத்தச் சத்தத்தையும் முதல் ஏற்றத்தில் அடக்கித்தான் வைப்பேன். ஆரம்பத்திலேயே உச்சத்தில் வைத்தால் மூன்றாவது ஏற்றத்துக்குக் கூட்ட இடம் இருக்காது.

இரண்டாவது ஏற்றம்தான் குத்து. 2004இல் வந்த 'அப்படிப் போடு' மாதிரி, எல்லா வயதுக்காரர்களுக்கும் தெரிந்த பாட்டு இங்கேதான் வரும். ஓரத்தில் நின்றவர்களும் அத்தைகளும் கலக்கிற இடம் இது. குத்திலிருந்து எப்படி இறங்குவது என்பதை விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் ஊர் டி.ஜே.க்களுக்கே உரிய சிக்கல் இது. வெளிநாட்டு நடனப் பாட்டுகள் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணும் சதுஸ்ர நடை. அவர்கள் சொல்லித் தருகிற முறையெல்லாம், நிமிஷத்துக்கு இத்தனை அடி என்ற எண்ணைப் பார்த்து, பக்கத்து எண்ணுள்ள பாட்டோடு சேர்ப்பது. நம் குத்துப் பாட்டுகளில் நிறைய திஸ்ர நடை. தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகும். மென்பொருள் இங்கே தடுமாறும். நிமிஷத்துக்கு 120 அடி என்று கால் வைக்கிற பாட்டை 180 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி 180 உள்ள இன்னொரு பாட்டோடு சேர்த்தால் அரை நிமிஷம் இரண்டு தவிலும் சண்டை போடும், ஆடுகிறவர்களின் கால் நின்றுவிடும். எண்பதுகளின் பாட்டுகளில் இன்னொரு தொல்லை. அவை பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. வேகம் நடுவில் மயிரிழை கூடும், குறையும். மென்பொருள் போட்ட தாளக் கோடு போகப் போக விலகிவிடும்.

அதனால் நான் கையால் தட்டித்தான் வேகத்தைக் கண்டுபிடிக்கிறேன். 120 அடியில் போகும் திஸ்ரத்தில், ஒவ்வோர் அடிக்குள்ளும் தகிட என்று மூன்று தட்டு. நிமிஷத்துக்கு 360 தட்டு. இதே 360 தட்டை நாலு நாலாக, தகதிமி தகதிமி என்று எண்ணினால் 90 அடி வருகிறது. அதாவது 120இல் போன குத்துக்குப் பின்னால் 90 அடியில் போகும் மெல்லிய பாட்டை வைத்தால், மிகச் சின்னத் தட்டின் வேகம் மாறுவதே இல்லை. ஷேக்கரோ ஹை-ஹாட்டோ போட்டுக்கொண்டிருந்த சரசரப்பு அப்படியே தொடரும், பெரிய அடி மட்டும் நிதானமாகும். அன்றைக்கு 9.15 தாண்டி இதைத்தான் செய்தேன். குத்தின் கடைசி எட்டு அடியில் பேஸை வடித்துவிட்டு, சரசரப்பை மட்டும் மிச்சம் வைத்து, அதன் மேலேயே 90இல் ஒரு காதல் டூயட்டைத் திறந்தேன். குதித்துக்கொண்டிருந்தவர்கள் குதிப்பதை விட்டு இடுப்பை அசைக்க ஆரம்பித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவே வந்தார்கள். ஒருவர்கூடத் தண்ணீர் மேஜைக்குப் போகவில்லை. மூன்று நிமிஷம் அப்படி. அதற்கு மேல் இழுத்தால் பேச்சு ஆரம்பித்துவிடும், பேச்சு ஆரம்பித்தால் நாற்காலி தேடுவார்கள்.

இரண்டாவது இறக்கத்துக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. சில பாட்டுகளுக்குள்ளேயே இறக்கமும் ஏற்றமும் இருக்கின்றன. 1991இல் வந்த 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' அப்படி. அவ்வளவு ஆரவாரமான பாட்டின் உள்ளே 'குனித்த புருவமும்' என்ற அப்பர் தேவாரம் வருகிறது. பெரும்பாலான டி.ஜே.க்கள் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள், வேகம் போய்விடும் என்ற பயம். நான் வெட்டுவதில்லை. தேவாரம் வரும்போது ஆடுகிறவர்கள் கைகூப்பி நிற்பார்கள், பெரியவர்கள் கூடவே பாடுவார்கள், எல்லாருக்கும் மூச்சு வந்துவிடும். பல்லவி திரும்பும்போது முன்னைவிட அதிகச் சத்தத்தில் கை தட்டுவார்கள். இளையராஜா ஏற்கெனவே செய்து வைத்திருப்பதை டி.ஜே. கெடுக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது ஏற்றம் 9.30 தாண்டி. இங்கே புதுப் பாட்டுகள். 2018இன் 'ரவுடி பேபி'யில் ஆரம்பித்து, நண்பர் கேட்ட மாஸ் பாட்டை 9.45க்கு உச்சத்தில் வைத்தேன். அடக்கி வைத்திருந்த சத்தத்தையும் அப்போதுதான் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினார். முதல் ஏற்றத்தில் போட்டிருந்தால் அந்தப் பாட்டுக்கு இருபது பேர்தான் ஆடியிருப்பார்கள்.

உச்சத்திலேயே நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நிறுத்தினால் "ஒன்ஸ் மோர்" ஆரம்பிக்கும், பெண்ணின் மாமா வந்து, "தம்பி, ஒரே ஒரு பாட்டு" என்பார். மணி பத்தாகிவிட்ட பிறகு அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கும் கஷ்டம், கேட்டை மூட நிற்கும் மேனேஜருக்கும் கஷ்டம். 9.50லிருந்தே இரண்டு பாட்டில் வேகத்தைக் குறைத்து, 9.55க்கு எல்லாருக்கும் வரி தெரிந்த மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டேன். ஆட்டம் பாட்டாக மாறியது, தோளில் கை போட்டு நின்று பாடினார்கள், பாதிப் பேர் பாடிக்கொண்டே செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். முடிகிறது என்று யாரும் மைக்கில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏ.சி. ஹாலில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. பத்து மணி விதி அங்கே கட்டுப்படுத்தாது, பந்தி மூடும் நேரம்தான் கட்டுப்படுத்தும். போனதும் முதல் வேலையாகச் சமையல் கான்ட்ராக்டரிடம் போய், "அண்ணே, கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொள்வேன். அவர் பத்தரை என்றால், கடைசி அழைப்புக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம் வைத்துக் கூட்டத்தைச் சாப்பிட அனுப்பிவிட்டு, சாப்பிட்டு வந்தவர்களுக்கு என்று தனியாக ஒரு ஏற்றம் போடுவேன். வயிறு நிறைந்தவர்களிடம் குத்து நடக்காது, அந்த ஏற்றம் தொண்ணூறுகளின் மெலடியிலேயே ஆரம்பித்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.