ஆங்கிலம் அதிகம் தெரியாமல் நடுவழியில் விமானம் மாறியது

டொராண்டோவில் இருக்கும் மகளைப் பார்க்கத் தனியாகப் போனேன். நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எதிராளி வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. என் கவலையெல்லாம் அந்த மாறுகிற இடம்தான்.

இறங்கியதும் கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். அதில் பலர் அந்த ஊருக்கே வந்தவர்களாக இருப்பார்கள். பெட்டிப் படம் போட்ட பலகை அவர்களுக்கு. நமக்கு வேண்டியது TRANSFER அல்லது CONNECTIONS என்று எழுதிய பலகை. படத்தை மட்டும் பார்ப்பதானால், மூக்கைத் தூக்கிய விமானம் புறப்பாடு, மூக்கு தாழ்ந்த விமானம் வருகை.

அடுத்த சந்தேகம் பெட்டி. அதை இங்கே எடுக்க வேண்டுமா, தானாகவே வந்துவிடுமா? புறப்பட்ட இடத்தில் போர்டிங் பாஸோடு ஒட்டிக் கொடுத்த சின்னச் சீட்டில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். டொராண்டோவுக்கு YYZ. சில சமயம் ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, அதனால் மகளிடம் முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தேன். கடைசி ஊரின் குறியீடு இருந்தால் பெரும்பாலும் பெட்டி நேராகப் போய்விடும். ஆனால் அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் அங்கே முதலில் இறங்கும் இடத்தில் பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

உறுதி செய்துகொள்ள டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டருக்குப் போனேன். மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழை முன்பே இறக்கி வைத்திருந்ததால் இணையம் தேவைப்படவில்லை. "பெட்டி எடுக்கணுமா" என்று பேச்சுத் தமிழில் அடித்தால் அது தடுமாறுகிறது. "நான் என் பெட்டியை இங்கே எடுக்க வேண்டுமா?" என்று முழுசாக அடித்தேன். வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்த பிறகுதான் காட்டினேன், கூடவே அந்தச் சீட்டையும். கவுன்ட்டரில் இருந்த பெண் தலையை ஆட்டி "நோ" என்றார். ஆமாம், இல்லை, அல்லது ஓர் எண் என்று பதில் வருகிற மாதிரிக் கேட்பதுதான் சூட்சுமம். "எப்படிப் போவது?" என்று கேட்டால் நீளமாகச் சொல்வார்கள், நமக்குப் புரியாது. அப்புறம் பேனாவையும் தாளையும் நீட்டி கேட் எண்ணைக் கேட்டேன். B14 என்று எழுதித் தந்தார்.

அதோடு நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. கேட் கடைசி நேரத்தில் மாறும். திரையில் ஊர்ப் பெயரைத் தேடாமல் விமான எண்ணைத் தேடுங்கள். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று விமானங்கள் இருக்கும். சில கம்பெனிகள் ஒரே விமானத்துக்குத் தங்கள் தங்கள் எண்ணைப் போடுவதால், அந்த இடத்தில் எண்கள் மாறி மாறி வரும். நம் எண் வரும்வரை கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு B14 என்பது A6 ஆகிவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவித்திருப்பார்கள் போல, எனக்கு விளங்கவில்லை. திரை பார்த்துத்தான் தெரிந்தது. நடக்கவே கால் மணி நேரம் ஆனது. போர்டிங் பாஸில் இருக்கும் ஏறும் நேரம், புறப்படும் நேரம் இரண்டில் முந்தையதான ஏறும் நேரத்தைத்தான் கணக்கில் வைத்திருந்தேன், அதனால் பதறாமல் போய்ச் சேர்ந்தேன்.